குழாய் ஒழுகுது, போட்டோ இருக்கு: தம்பியே பார்க்கலாமா, பிளம்பரைக் கூப்பிடணுமா?

தம்மாம்_கீழக்கரையான்

எல்லாருக்கும் ஸலாம், வணக்கம். நான் தம்மாம்ல வேலை பார்க்கிறேன், வீடு கீழக்கரையில. பின்கட்டுல பாத்திரம் கழுவுற இடத்துக் குழாய் ஒழுகுதுன்னு உம்மா வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்பியிருக்காங்க, கீழே போட்டிருக்கேன்.

போட்டோல தெரியுறது இவ்வளவுதான். வெள்ளி முலாம் பூசின பித்தளைக் குழாய், கைப்பிடியைக் கால் சுற்றுத் திருப்பினாலே திறக்கிற மாடல். உடம்போட அடிவயித்துல ஒரு சொட்டு தொங்கிட்டு நிக்குது. சுவத்துல ஒட்டியிருக்கிற வட்டத் தட்டைச் சுத்தி வெள்ளையும் பச்சையுமா உப்பு பூத்திருக்கு. அதுக்குக் கீழே சுவர் ஈரம், பூச்சு கொஞ்சம் உப்பியிருக்கு. வர்றது போர் தண்ணி, நம்ம ஊர் உப்புத்தண்ணிதான். குடிக்கிறதுக்குத் தனியா வாங்கிக்கிறோம்.

தம்பி பன்னிரண்டாவது படிக்கிறான். வாப்பாவோட ஸ்பேனர் வீட்டுல இருக்கு, "நானே கழட்டி மாட்டிடுறேன் காக்கா"ங்கிறான். ஒரு பிளம்பர் ரெண்டு நாள் கழிச்சு வரேன்னிருக்கார், வந்தா 500 ரூபாயாம். போட்டோவைப் பார்த்து சொல்லுங்க, இது பிளம்பருக்குக் காசு கொடுக்கிற வேலையா?

தொண்டி_ராஜா

இதுக்கெல்லாம் பிளம்பரா பாய்? உள்ள வாஷர் தேஞ்சிருக்கும். கடையில கறுப்பு வாஷர் அஞ்சு பத்து ரூபாதான். மெயினை அடைச்சிட்டு, தலையைக் கழட்டி, பழசை எடுத்துட்டுப் புதுசைப் போடச் சொல்லுங்க. எங்க வீட்டுல நான்தான் எல்லாக் குழாயும் பார்க்கிறேன். தட்டுப் பக்கத்துல ஒழுகுதுன்னா அந்த இடத்துல எம்சீல் பிசைஞ்சு ஒட்டிட்டா முடிஞ்சது.

உச்சிப்புளி_பிளம்பர்

ராஜா அண்ணே, நீங்க சொல்றது மேல திருகு வச்ச பழைய குழாய்க்கு சரி. நாலஞ்சு சுத்து சுத்தி மூடுறோமே, அதுலதான் வாஷர் இருக்கும். தம்பி போட்டிருக்கிறது கால் சுத்துக் குழாய். அதுக்குள்ள ரெண்டு பீங்கான் தட்டு ஒண்ணு மேல ஒண்ணு உரசி மூடும், வாஷர் மாத்துற வேலையே கிடையாது. அது கெட்டா உள்ளேயிருக்கிற ஸ்பிண்டிலை முழுசா மாத்தணும், அதுவும் அதே கம்பெனி அளவு கிடைக்கணும்.

ஆனா அதுக்கும் முன்னாடி ஒரு கேள்வி இருக்கு. இந்த போட்டோல தண்ணி எங்கேயிருந்து வருதுன்னே தெரியல. சொட்டு தொங்குற இடம் ஒழுகுற இடம் இல்ல. தண்ணி பித்தளையை ஒட்டியே ஓடி, எது தாழ்ந்த இடமோ அங்க வந்து சேர்ந்து சொட்டும். கைப்பிடி அடியில கசிஞ்சாலும் அடிவயித்துலதான் தொங்கும், சுவத்து மரையில கசிஞ்சாலும் அங்கதான் தொங்கும். குழாய் கொஞ்சம் சுவத்துப் பக்கம் சாய்ஞ்சிருந்தா கைப்பிடித் தண்ணி பின்னாடி ஓடி சுவத்தையும் நனைக்கும். அதனால ஈரத்தைப் பார்த்தும் முடிவு பண்ண முடியாது.

தம்பி, ஒரு கேள்விக்கு மட்டும் பதில் கேட்டுச் சொல்லுங்க. குழாய் மூடியிருக்கும்போது ஒழுகுதா, திறந்து பாத்திரம் கழுவும்போது மட்டும் ஒழுகுதா?

மண்டபம்_டீச்சர்

எங்கள் வீட்டிலும் இதே பிரச்சினைதான். சமையலறைக் குழாயில் தண்ணீர் நூல் மாதிரிதான் வந்தது. நுனியிலிருக்கும் சல்லடையைக் கழற்றி வினிகரில் ஊறப்போட்டதும் சரியாகிவிட்டது. நீங்களும் அதை முயன்று பார்க்கலாமே.

தொண்டி_ராஜா

டீச்சர், உங்களுக்குத் தண்ணி வரல, அவருக்குத் தண்ணி நிக்கல 😄

மண்டபம்_டீச்சர்

அட ஆமாம், மன்னிக்கவும். ஆனால் மறுபடி போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வலது ஓரத்தில், ஈரத்திட்டு முடிகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பெட்டியின் மூலை தெரிகிறதே, அது சுவிட்சுப் பெட்டியா? யாருமே அதைக் கேட்கவில்லை.

தம்மாம்_கீழக்கரையான்

ஆமா டீச்சர், மோட்டார் சுவிட்ச்! நான் கவனிக்கவே இல்ல. ஈரத்துக்கும் பெட்டிக்கும் நடுவுல ஒரு சாண்கூட இருக்காது.

உச்சிப்புளி_பிளம்பர்

டீச்சர் பார்த்தாங்க பாருங்க, அதுதான் முதல் வேலை. தம்பி, மத்ததெல்லாம் அப்புறம். இப்பவே போன் பண்ணி மோட்டார் லைனோட எம்சிபியை இறக்கிவிடச் சொல்லுங்க. ஈரக்கையோட அந்தப் பெட்டியை யாரும் தொடக்கூடாது. சாதாரணத் தண்ணியைவிட உப்புத்தண்ணி கரண்ட்டை நல்லாக் கடத்தும். சுவர் காய்ஞ்சு ஒரு எலக்ட்ரீஷியன் பார்க்கிற வரைக்கும் மோட்டார் வேண்டாம். தொட்டியில இருக்கிற தண்ணி போதும்னு சிக்கனமா ஓட்டுங்க.

தம்மாம்_கீழக்கரையான்

இறக்கியாச்சு. உங்க கேள்விக்கு உம்மா சொல்ற பதில், "எந்நேரமும் ஒழுகுது". தம்பி சொல்றான், "கழுவி முடிச்ச பிறகும் கொஞ்ச நேரம் சொட்டுது". ரெண்டும் ஒண்ணா, வேறயா?

உச்சிப்புளி_பிளம்பர்

வேற வேற. மூடின பிறகு வாய்க்குள்ள மிச்சம் நிக்கிற தண்ணி ஏழெட்டு சொட்டு விழும், அது ஒழுகல் இல்ல. வாயால சொல்றதை நம்பாம தம்பியை இப்படிப் பண்ணச் சொல்லுங்க.

குழாயை மூடிட்டு, பழைய துணியால குழாய், தட்டு, சுவர் எல்லாத்தையும் ஈரமில்லாமத் துடைக்கணும். முகத்துக்குப் போடுற பவுடரை குழாய் மேலயும் தட்டு மேலயும் தூவணும். பிறகு மூணு இடத்துல டிஷ்யூ பேப்பரைச் சுத்தணும்: வாய், கைப்பிடி அடி, சுவத்துப் பக்கக் கழுத்து. கால்மணி நேரம் யாரும் தொடாம விட்டுட்டு போட்டோ எடுக்கட்டும். ஃபிளாஷ் வேண்டாம். முலாம் பூசின குழாயில ஃபிளாஷ் அடிச்சா ஈரமும் பளபளப்பும் ஒண்ணாத் தெரியும். பக்கவாட்டுல நின்னு, குழாய் உயரத்துக்குக் கேமராவை இறக்கி எடுத்தா நல்லது. தண்ணி வந்த வழி பவுடர்ல கோடு போட்டுக் காட்டிடும்.

மூடியிருக்கும்போது வாய்ப் பேப்பர் நனைஞ்சா உள்ளே ஸ்பிண்டில் போச்சு. கழுத்துப் பேப்பர் நனைஞ்சா மரையில கசிவு. அந்த இடத்துல எந்நேரமும் தொட்டித் தண்ணியோட அழுத்தம் நிக்கும், குழாய் மூடியிருந்தாலும் கசியும். கைப்பிடி அடி மட்டும் அப்படி இல்ல. இந்த மாதிரிக் குழாயில மூடினா அங்க தண்ணியே போகாது. அதனால அது திறந்திருக்கும்போதுதான் நனையும், அதைத் தனியாத் திறந்துவச்சுப் பார்க்கணும்.

சாயல்குடி_சிவில்

ஒழுகல் எவ்வளவுன்னும் ஒரு கணக்கு வச்சுக்கோங்க. நொடிக்கு ஒரு சொட்டுன்னா ஒரு நாளைக்கு சுமார் 20 லிட்டர். ஒரு லிட்டர் பாட்டில் எவ்வளவு நேரத்துல நிரம்புதுன்னு பார்த்தாலே போதும்.

இவங்க வீட்டுல தண்ணி வீணாகுறதைவிட அது சுவத்துக்குள்ள போறதுதான் எனக்குக் கவலை. உப்புத்தண்ணி பூச்சுக்குள்ள ஊறி காயும்போது உப்பு படிகமாகி உள்ளேயிருந்து தள்ளும். பூச்சு உப்பியிருக்கிறது அதனாலதான் இருக்கும். ஆனா கடற்கரை வீட்டுல குழாயே இல்லாத சுவரும் இப்படி உப்பும், அதையும் மறக்க வேண்டாம்.

தம்மாம்_கீழக்கரையான்

தம்பி அனுப்பிட்டான், ரெண்டாவது போட்டோ. வாய்ப் பேப்பர் காய்ஞ்சு இருக்கு. கைப்பிடி அடியும் காய்ஞ்சு இருக்கு, திறந்துவச்சுப் பார்த்தும் நனையல. கழுத்துப் பேப்பர் மட்டும் சொதசொதன்னு நனைஞ்சு கிழிஞ்சே போச்சு. பவுடர்ல கோடு தட்டுக்குள்ளேயிருந்து வருது. வட்டத் தட்டை மெதுவா முன்னாடி இழுத்து இன்னொரு போட்டோவும் எடுத்திருக்கான்: குழாய் மரை சுவத்துக்குள்ள நுழையுற வாயில, அடிப்பக்கமா முத்து முத்தாத் தண்ணி. சுத்தியிருக்கிற சிமெண்ட்ல ஈரம் தெரியுது, ஆனா அங்கேயிருந்து தண்ணி ஊறி வர்ற மாதிரி தெரியல.

தொண்டி_ராஜா

அப்ப சுலபம். ஸ்பேனர் போட்டு இன்னும் ஒரு சுத்து இறுக்கிவிடச் சொல்லுங்க. மரை உள்ள போச்சுன்னா நின்னுடும்.

உச்சிப்புளி_பிளம்பர்

வேண்டவே வேண்டாம் அண்ணே. கொஞ்சமா இறுக்கினா குழாய் வாய் பக்கவாட்டுல திரும்பி நிக்கும். நேராக்கணும்னா முழுச் சுத்து சுத்தணும், அதுல சுவத்துக்குள்ள குழாய் ஏறுற வளைவு, எல்போ, விரிசல் விடும். இல்லேன்னா பின்பக்கமாத் திருப்பி நேராக்குவான் பையன், அப்படித் திருப்பினாலே டெஃப்லான் பிடிப்பு விட்டு இன்னும் நல்லா ஒழுகும். எம்சீலும் இங்க நிக்காது. தண்ணி உள்ளேயிருந்து தள்ளிக்கிட்டு இருக்கும்போது ஈரப் பித்தளையில அது ஒட்டாது, ரெண்டு நாள்ல உரிஞ்சிடும். காய்ஞ்ச இடத்துல, தண்ணியை நிறுத்திட்டு ஒட்டினா கொஞ்ச நாள் தாங்கும்னு ஒத்துக்கிறேன்.

முறையா செய்யணும்னா குழாயை முழுசாக் கழட்டணும், பழைய டேப்பைச் சுரண்டணும், மரையோட போக்குலேயே புது டெஃப்லான் டேப்பை ஒரு பத்துப் பதினஞ்சு சுத்து இழுத்துச் சுத்தணும், பிறகு ஏத்தணும். நல்ல வீட்டுல, நல்ல தண்ணியில, இதைப் பன்னிரண்டாவது படிக்கிற பையன் தாராளமாச் செய்யலாம். டேப் 20 ரூபாதான்.

நம்ம கரையில அப்படி உடனே சொல்லிட முடியாது. ரெண்டு விஷயம் பார்க்கணும். தட்டு மறைச்சிருந்த இடத்துல கழுத்து முலாம் உரிஞ்சிருக்கும். அங்க கத்தி முனையால லேசா ஒரு கீறு கீறி போட்டோ அனுப்பச் சொல்லுங்க. கீறின இடம் மஞ்சளாப் பளிச்சுன்னு இருந்தா பித்தளை உயிரோட இருக்கு. செம்பு மாதிரி சிவந்து, பொடி உதிர்ந்தா, உப்புத்தண்ணி அதுல இருந்த துத்தநாகத்தைத் தின்னுடுச்சுன்னு அர்த்தம். மிச்சம் இருக்கிறது வெறும் செம்புச் சல்லடை. அது பார்க்கக் குழாய் மாதிரியே இருக்கும், ஸ்பேனர் போட்டுத் திருப்பினா கழுத்தோட ஒடிஞ்சு மரை எல்போக்குள்ள மாட்டிக்கும்.

ரெண்டாவது, மாடித் தொட்டிக்குக் கீழே இருக்கிற வால்வு. அதை யாரும் தொடவேண்டாம், போட்டோ மட்டும் எடுக்கட்டும்.

ராமேஸ்வரம்_லாட்ஜ்

நான் ஒரு லாட்ஜைப் பார்த்துக்கிறவன். அறைக்கு ரெண்டு மூணு குழாய், எல்லாத்தையும் இந்தத் தண்ணியும் காத்தும் தின்னுது. பித்தளையை விட்டுட்டு வெள்ளை பிளாஸ்டிக் குழாய்க்கு மாறிட்டோம். உப்பு அதை ஒண்ணும் பண்ணாது. உடைஞ்சா தூக்கிப் போட்டுட்டு இன்னொண்ணு. எதுக்கு கீறிப் பார்த்துக்கிட்டு?

உச்சிப்புளி_பிளம்பர்

அண்ணே, பிளாஸ்டிக் மரையை ஒருதடவை குறுக்கா ஏத்திட்டா முடிஞ்சது. வெயில் படுற இடத்துல வச்சா சில வருஷத்துல முறுகிடும். இவங்க இடம் பின்கட்டு, மதியம் முழுக்க வெயில்.

ராமேஸ்வரம்_லாட்ஜ்

வெயில் எங்களுக்கு மட்டும் இல்லையா? எங்க மொட்டைமாடிக் குழாயே இன்னும் நிக்குது. பித்தளை வித்தா கடைக்காரனுக்கு லாபம் அதிகம், அவ்வளவுதான் விஷயம்.

தம்மாம்_கீழக்கரையான்

ரெண்டு போட்டோவும் வந்துடுச்சு. கீறின இடம் ஒரு ஓரத்துல மஞ்சள், அடிப்பக்கம் இளஞ்சிவப்பு, நகத்தால தேய்ச்சா மண் மாதிரி வருதுன்னு தம்பி சொல்றான். வால்வு இதோ: சிவப்புச் சக்கரம், பாதி துருப்பிடிச்சுப் போயிருக்கு. தண்டு முழுக்கப் பச்சை. வீடு கட்டினதுலேர்ந்து யாரும் அதைத் திருப்பினதா உம்மாவுக்கு ஞாபகம் இல்லை.

உச்சிப்புளி_பிளம்பர்

போதும் தம்பி. இது பிளம்பர் வேலை. ஏன்னு சொல்லிடுறேன்.

குழாய் ஒழுகுறது சின்ன விஷயம்தான். ஆனா கழட்டும்போது கழுத்து ஒடிய நிறைய வாய்ப்பு இருக்கு. ஒடிஞ்ச அடுத்த நிமிஷம் தண்ணியை நிறுத்தியாகணும், நிறுத்துற வால்வு இந்த நிலைமையில இருக்கு. இந்த மாதிரி கேட் வால்வைப் பலவந்தமாத் திருப்பினா உள்ளேயிருக்கிற கதவு தண்டுலேர்ந்து கழண்டுடும். சக்கரம் பாட்டுக்கு சுத்தும், தண்ணி பாட்டுக்கு வரும். இல்லேன்னா கதவு கீழே விழுந்து மூடிக்கிட்டு, திரும்பத் திறக்கவே திறக்காது, வீட்டுல ஒரு குழாயிலயும் தண்ணி இருக்காது. பையனும் உம்மாவும் மட்டும் இருக்கிற வீட்டுல, மோட்டார் சுவிட்சும் பக்கத்துல இருக்கிற சுவத்துல, இந்தப் பரிட்சை வேண்டாம்.

வால்வு நல்லாத் திரும்பி, கீறல் மஞ்சளா இருந்திருந்தா நானே தம்பிகிட்ட கொடுங்கன்னு சொல்லியிருப்பேன்.

சாயல்குடி_சிவில்

எனக்கு இதுல கொஞ்சம் மாற்றுக் கருத்து. வால்வை நம்பாமலே செய்யலாம். மோட்டார் எப்படியும் அணைச்சுத்தான் இருக்கு. தொட்டித் தண்ணியைச் செலவழிச்சுக் காலி பண்ணிட்டா குழாய் ஒடிஞ்சாலும் வெள்ளம் வராது. தொட்டியில கொஞ்சம் மிச்சம் இருந்தா, உள்ளே வெளியேறுற துவாரத்துல துணியை உருட்டி அடைச்சிடலாம், கயிறு கட்டிவச்சா திரும்ப இழுத்துடலாம். நிதானமான பையன்னா முயற்சி பண்ணலாம்.

உச்சிப்புளி_பிளம்பர்

தண்ணி நிக்கும், ஒத்துக்கிறேன். ஆனா ஒடிஞ்ச மரையை எல்போலேர்ந்து யார் எடுக்கிறது? எல்போ உள்ளே பித்தளை வளையம் வச்சதா, முழு பிளாஸ்டிக்கானு போட்டோல தெரியல. பிளாஸ்டிக்கா இருந்து பையன் மரையைக் கெடுத்துட்டா சுவத்தை உடைக்கணும். அப்ப 500 ரூபா வேலை கொத்தனார் வேலையாகிடும். தொட்டியைக் காலி பண்ணி வைக்கிறது மட்டும் நல்ல யோசனை, பிளம்பர் வர்ற அன்னைக்குக் காலையில பண்ணி வைங்க. வரும்போதே அரை இஞ்ச் பித்தளைக் குழாய் ஒண்ணும், தொட்டிக்குக் கீழே இருக்கிற பழைய வால்வுக்குப் பதிலா ஒரு பிளாஸ்டிக் பால் வால்வும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க. இந்த போட்டோ எல்லாத்தையும் அவருக்கு முன்கூட்டியே அனுப்பிட்டா வெறுங்கையோட வந்து பார்த்துட்டு மறுநாள் வரேன்னு சொல்ல மாட்டார்.

தம்மாம்_கீழக்கரையான்

ஜஸாக்கல்லாஹ் அண்ணே. பிளம்பர்கிட்ட பேசிட்டேன், போட்டோவும் அனுப்பிட்டேன். தம்பிக்குத்தான் முகம் தொங்கிப் போச்சு.

தம்மாம்_கீழக்கரையான்

பிளம்பர் வந்து போயாச்சு, அதான் திரும்ப எழுதுறேன். அண்ணன் சொன்னபடியே ஸ்பேனர் போட்டு அரைச் சுத்து வர்றதுக்குள்ள கழுத்து மொளுக்குன்னு ஒடிஞ்சது. மிச்ச மரையை ரம்பப் பிளேடால உள்பக்கமா ரெண்டு இடத்துல கீறி, உளியால தட்டி உள்ளே மடக்கி எடுத்தார். தம்பி வீடியோ கால்ல காட்டினான். எல்போல பித்தளை வளையம் இருந்தது, மரைக்கு ஒண்ணும் ஆகல. வால்வையும் மாத்தியாச்சு. குழாய், வால்வு, கூலி எல்லாம் சேர்த்து 1,650 ரூபா. கழுத்துல பேப்பர் சுத்திப் பார்த்தோம், காய்ஞ்சு இருக்கு.

ஆனா ஒரு சந்தேகம். சுவத்து ஈரம் இன்னும் அப்படியேதான் இருக்கு. எல்போவுக்குப் பின்னாடியும் எங்கேயோ ஒழுகுதா?

சாயல்குடி_சிவில்

அவசரப்படாதீங்க. உப்பு ஏறின சுவர் காத்துல இருக்கிற ஈரத்தையே இழுத்துக்கும். கடல் காத்து அடிக்கிற ராத்திரியில ஈரமாத் தெரியும், மதியம் வெளுத்துடும். திட்டோட ஓரத்தைப் பென்சிலால கோடு போட்டு வச்சுக்கோங்க. கோட்டைத் தாண்டினா ஒழுகல். உள்ளேயே நின்னா சுவத்து உப்புன்னு நினைக்கிறேன்.

உச்சிப்புளி_பிளம்பர்

கோடு நல்லது, ஆனா அது மெதுவாத்தான் சொல்லும். ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு தொட்டித் தண்ணி மட்டத்துக்கு உள்சுவத்துல ஒரு குறி வைக்கச் சொல்லுங்க, காலையில யாரும் தண்ணியைத் தொடுறதுக்கு முன்னாடி பார்க்கட்டும்.

தம்மாம்_கீழக்கரையான்

பார்த்தாச்சு. அரை விரல் இறங்கியிருக்கு.

உச்சிப்புளி_பிளம்பர்

ராத்திரி யாராவது பாத்ரூம் போனாங்களா? ஃபிளஷ் தொட்டி நிரம்பினாலே மட்டம் இறங்கும். அதுல உள்ளே வால்வு கசிஞ்சா சத்தமில்லாம இறங்கிக்கிட்டே இருக்கும். ஃபிளஷுக்குப் போற குட்டி வால்வை அடைச்சிட்டு, ராத்திரிக்கு வாளியில தண்ணி பிடிச்சு வச்சுக்கிட்டு, இன்னொரு ராத்திரி குறி வச்சுப் பாருங்க. அப்பவும் இறங்கினா எனக்கு எழுதுங்க.

மண்டபம்_டீச்சர்

அந்த மோட்டார் சுவிட்சை எலக்ட்ரீஷியன் பார்த்தாரா?

தம்மாம்_கீழக்கரையான்

நாளைக்கு வரார் டீச்சர். எம்சிபி இன்னும் இறக்கித்தான் இருக்கு, பக்கத்து வீட்டு மோட்டார்லேர்ந்து ஓஸ் போட்டுத் தொட்டியை நிரப்பிக்கிறோம்.